ஒரு குழாய், மூன்று தொகை: மே தின கிராமசபையில் கணக்குச் சொன்ன அனுபவம்

ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊராட்சி. 2020 ஜனவரியில் தலைவராகப் பொறுப்பேற்றேன். கொரோனா காலத்தில் கிராமசபைகள் ஒழுங்காக நடக்கவில்லை. அதனால் ஒரு முழு ஆண்டுக் கணக்கை ஊர் முன்னால் வைக்கும் வாய்ப்பு 2022 மே 1 அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அன்று நான் செய்தது தவறு. அடுத்த மே தினத்தில் அதைத் திருத்திக்கொண்டேன். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நாளைக்குத் தலைவராக வருபவர்களுக்கும், கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்பவர்களுக்கும் இது உதவும்.

முதல் தடவை என்ன ஆனது என்றால், ஊராட்சிச் செயலர் தயாரித்துக் கொடுத்த படிவம் 30-ஐ எடுத்து வரி வரியாக வாசித்தேன். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று தலைப்பு தலைப்பாகப் போகும் தாள் அது. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சமுதாயக்கூடத்தில் ஒரு மின்விசிறிதான் ஓடியது. மே மாத வெயில் வேறு. கடைசி வரியில் ‘இறுதி இருப்பு’ என்று ஒரு பெரிய தொகையை வாசித்தேன். அதுவரை பேசாமல் இருந்தவர்கள் அங்கே நிமிர்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு அண்ணன் எழுந்தார்: “இவ்வளவு பணம் கையில இருக்குங்கிறீங்க. கரையோரத் தெருவுல மூணு லைட்டு ஆறு மாசமா எரியலை. அது ஏன்?”

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை. “அது டைடு நிதிண்ணே” என்றேன். இன்ன வேலைக்கு மட்டும்தான் என்று கட்டுப்பட்ட பணம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தச் சொல் அங்கே யாருக்குத் தெரியும்? பணத்தை வைத்துக்கொண்டு மறைக்கிறார்கள் என்ற பேச்சு அன்று சாயங்காலமே மீன் ஏலக்கூடம் வரைக்கும் போய்விட்டது. நான் ஒரு ரூபாயையும் மறைக்கவில்லை. ஆனால் கணக்கை வாசிப்பதும் கணக்கைச் சொல்வதும் வேறு வேறு வேலை என்று அந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்கினேன். முதலில், ஊரில் ஓடும் பேச்சு எது என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ரொம்பப் பேர் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வடக்குத் தெருவுக்குப் போட்ட குடிநீர்க் குழாய். வேலை நடந்த இடத்தில் வைத்த பலகையில் 4 லட்சம் என்று எழுதியிருந்தது. ஊராட்சிக் கணக்கில் 3,54,000 என்று இருந்தது. வேலையை எடுத்துச் செய்தவர் டீக்கடையில் உட்கார்ந்து, “எனக்கு வந்தது 3,42,000 தான்” என்று சொல்லியிருந்தார். ஒரே குழாய்க்கு மூன்று தொகை. நடுவில் இருப்பதை யாரோ தின்றுவிட்டார்கள் என்று நினைப்பது இயல்புதான். நானே அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆகவே பேச்சுக்கு இரண்டே விஷயம் போதும் என்று முடிவு செய்தேன். ஒன்று, கையிருப்பில் பணம் இருந்தும் விளக்குப் போட ஏன் முடியவில்லை. இன்னொன்று, இந்தக் குழாயின் மூன்று தொகை. மற்ற வரவு செலவு முழுவதையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னாலேயே மூன்று இடங்களில் ஒட்டச் சொன்னேன். ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையை நின்று படிப்பவர்கள் எங்கள் ஊரில் ரொம்பக் குறைவு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒட்டினால் படிப்பார்கள். குடம் நிறைகிற வரைக்கும் நிற்கத்தானே வேண்டும்? தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டதை நானே பார்த்தேன்.

பேச்சை எழுதுவதில்தான் சிரமம். மத்திய நிதிக்குழு மானியத்தின் விதியை எப்படிச் சொல்வது? 15-வது நிதிக்குழு மானியம் அப்போது வந்த முறைப்படி, நூறு ரூபாய் வந்தால் அறுபது ரூபாய் கட்டுப்பட்ட பணம். அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி நாற்பது ரூபாயை ஊர் முடிவு செய்யும் மற்ற வேலைகளுக்குச் செலவழிக்கலாம். ஆனால் அதிலிருந்தும் சம்பளம் கொடுக்க முடியாது, அலுவலகச் செலவும் செய்ய முடியாது. மேலும், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து இணையத்தில் ஏற்றிய வேலைக்குத்தான் பணம் போகும். இதை இப்படியே சொன்னால் முந்தைய ஆண்டின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

அப்பாதான் வழி காட்டினார். அவர் நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, “பங்கு பிரிக்கிறதைச் சொல்லு, ஆத்தா” என்றார். அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் டீசலுக்கும் ஐஸுக்கும் முதலில் எடுத்துவைப்பார்கள். அப்புறம் படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிப்பார்கள். படகுப் பங்கில் பணம் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்து ஆட்களுக்குக் கூலி கொடுக்க மாட்டார்கள். இது எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்த கணக்கு.

2023 மே 1 வந்தது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால் விசைப்படகில் போகும் ஆண்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும். பதினொரு மணிக்கே பதிவேட்டில் 140 கையெழுத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பேசியதைத் தாளில் எழுதி வைத்திருந்ததால் இங்கே கிட்டத்தட்ட அப்படியே தர முடிகிறது.

“எல்லாருக்கும் வணக்கம். முழுக் கணக்கு சுவரில் ஒட்டியிருக்கு, உங்க கையிலயும் ஒரு தாள் இருக்கு. அதை நான் வாசிக்கப் போறதில்லை. போன வருஷம் நீங்க கேட்டு நான் சரியாப் பதில் சொல்லாத கேள்விக்கும், இந்த வருஷம் ஊருக்குள்ள பேசிக்கிற கேள்விக்கும் மட்டும் பதில் சொல்றேன்.

“மார்ச் 31 அன்னிக்கு ஊராட்சிக் கையிருப்பு எல்லாக் கணக்கும் சேர்த்து 7,14,000 ரூபாய். இதை ஒரே பையில இருக்கிற பணமா நினைக்க வேண்டாம். படகுப் பங்கு, வலைப் பங்கு மாதிரி இது நாலு பங்கா இருக்கு. 2,90,000 சுகாதாரப் பங்கு. வாய்க்கால், உறிஞ்சிக்குழி, குப்பை, கழிப்பறை, இதுக்கு மட்டும்தான் எடுக்கலாம். 2,60,000 தண்ணிப் பங்கு. 1,10,000 பொதுப் பங்கு, ஆனா பள்ளிக்கூடம் பக்கத்துல பேவர் பிளாக் போட பணி உத்தரவு கொடுத்தாச்சு. வேலை முடிஞ்சதும் அந்தப் பணம் போயிரும். மிச்சம் 54,000. இது நீங்க கட்டின வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கண்மாயில சீமைக் கருவேலம் ஏலம் விட்ட பணம். விளக்கு எரியலைன்னா உடனே கை வைக்கக் கூடியது இந்த 54,000 மட்டும்தான். தொட்டி ஆபரேட்டர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர் எல்லாத்துக்கும் இதுலயிருந்துதான் எடுக்கணும். அதுல பன்னிரண்டாயிரத்துல கரையோரத் தெரு விளக்கைச் சரி பண்ணப் போறோம். இன்னிக்குத் தீர்மானம் போடலாம்.

“அடுத்து, வடக்குத் தெருக் குழாய். பலகையில இருந்த நாலு லட்சம் மதிப்பீடு. வேலை தொடங்கறதுக்கு முன்னாடி இன்ஜினியர் போட்ட கணக்கு அது. அப்ப 448 மீட்டர் போடணும்னு இருந்துச்சு. கடைசித் துண்டுல ஜல் ஜீவன் திட்டக் குழாய் ஏற்கெனவே வந்துட்டதால 397 மீட்டரோட நிறுத்திட்டோம். ஒன்றிய ஓவர்சியர் டேப் பிடிச்சு அளந்து எம்-புக்குங்கிற அளவுப் புத்தகத்துல எழுதினார். அளந்ததுக்கு மட்டும்தான் பில். அது மூணு லட்சம், அதோட ஜிஎஸ்டி 18 சதவீதம் 54,000. மொத்தம் 3,54,000. மிச்சம் 46,000 யாருக்கும் போகலை. இப்பச் சொன்ன தண்ணிப் பங்குக்குள்ளதான் இருக்கு.

“வேலை செஞ்ச அண்ணன் கைக்குப் போனது 3,42,000. அவர் சொன்னது உண்மை. மீன் ஏலத்துல ஒரு கூடை ஆயிரத்துக்குப் போனா முழு ஆயிரமும் நம்ம கைக்கு வருதா? தரகு போயித்தானே வருது. அதே மாதிரி இதுலயும் ஜிஎஸ்டி பிடித்தம் 6,000, வருமான வரிப் பிடித்தம் 3,000, தொழிலாளர் நல நிதி 3,000, ஆகப் பன்னிரண்டாயிரம் பிடிச்சோம். பிடிச்சதை அரசுக்குக் கட்டின ரசீது இந்த ஃபைல்ல இருக்கு, யார் வேணும்னாலும் பாருங்க.

“கடைசியா ஒண்ணு. இதை யாரும் கேட்கலை, நானே சொல்றேன். போன ஜூன்ல மோட்டார் எரிஞ்சு தண்ணி நின்னப்ப டிராக்டர் டேங்கர்ல 34 நடை தண்ணி விட்டோம். நடைக்கு எழுநூறு, மொத்தம் 23,800. தணிக்கையில 9 நடைக்கு ஆதாரம் இல்லைன்னு தடை எழுதியிருக்காங்க. 6,300 ரூபாய். தண்ணி வந்தது உங்களுக்குத் தெரியும், ஆனா எந்தத் தெருவுக்கு எப்ப வந்ததுன்னு நான் எழுதி வைக்கலை. தப்பு என்னோடது. பதில் அனுப்பியிருக்கேன். ஏத்துக்கலைன்னா அந்தப் பணத்தை நான் கட்டணும், கட்டுவேன்.”

எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

டேங்கர் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று முந்தின நாள் வரை குழம்பினேன். வேண்டாம் என்று துணைத்தலைவர் சொன்னார், எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும் என்று. ஆனால் தணிக்கை அறிக்கையும் கிராமசபையில் வைக்க வேண்டியதுதான். தாளில் இருப்பதை யாராவது ஒருவர் எடுத்துப் படித்துக் கேட்ட பிறகு சொல்வதைவிட, நானே முதலில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. கூட்டத்தில் நடந்தது நான் எதிர்பார்க்காதது. நடுத்தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் எழுந்து, எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை வந்தது என்று சொன்னார்கள். ஒருத்தி, தன் மகள் சடங்கு வீட்டுக்கு முந்தின நாள் என்று தேதியோடு சொன்னாள். அது தணிக்கைக்கு ஆதாரம் ஆகாது, தெரியும். ஆனாலும் தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தோம்.

அதற்குப் பின் டேங்கருக்கு என்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டோம். தேதி, நேரம், டிராக்டர் எண், எந்தத் தெரு, தண்ணீர் வாங்கிய வீட்டில் ஒருவரின் கையெழுத்து என ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி. கோடையில் ஓட்டமாக ஓடும்போது இது தொல்லையாகத்தான் தெரியும். ஆனால் கடற்கரை ஊராட்சிகளில் அதிகமாக மாட்டிக்கொள்வது இதில்தான். போட்ட குழாயை நாளைக்கும் அளந்து பார்க்கலாம், ஊற்றிய தண்ணீரை அளக்க முடியாது. பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். எனவே கரைந்து போகிற பொருளுக்குத்தான் கூடுதல் காகிதம் வேண்டும்.

பேச்சு முடிந்ததும் கேள்விகள் வந்தன. முந்தைய ஆண்டுக் கேள்விகளுக்கும் இவற்றுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. ஒரு பெரியம்மா, “சுகாதாரப் பங்குல 2,90,000 கிடக்குதுங்கிறியே, குழாயடியில தண்ணி தேங்கி நாறுதே, அதுக்கு அதுல எடுக்கலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எடுக்கலாம். குழாயடியில் உறிஞ்சிக்குழி வெட்டுவது அந்தப் பங்குக்குள் வருகிற வேலைதான். ஆனால் திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் போடக் கணினி விடாது. அதனால் அக்டோபர் 2 கிராமசபையில் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எட்டு உறிஞ்சிக்குழிகளைச் சேர்த்தோம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. எங்கள் மேற்குப் பக்கம் நாலடி தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும். அங்கே குழி வெட்டினால் தண்ணீர் இறங்காது, மேலே ததும்பும். எட்டில் அந்தப் பக்கம் வந்த இரண்டு இடத்துக்கும் குழிக்குப் பதிலாகச் சிறு வாய்க்கால் என்று மதிப்பீட்டை மாற்றச் சொன்னோம்.

இன்னொரு தம்பி கேட்டது கொஞ்சம் கடினமான கேள்வி. மிஞ்சிய 46,000-ஐ எடுத்து விளக்குக்குப் போடலாமே என்றான். முடியாது. தண்ணீர்ப் பங்கில் மிஞ்சியது தண்ணீர்ப் பங்கிலேயேதான் இருக்கும். அதில் வால்வு மாற்றலாம். எங்கள் உப்பு மண்ணில் இரும்பு வால்வுகள் சீக்கிரமே துருப்பிடித்துத் திருக முடியாமல் போய்விடும், அதற்கே அந்தப் பணம் தேவைப்பட்டது. இந்த விதி எனக்கும் பிடித்த விதி அல்ல. ஊருக்கு எது அவசரம் என்று ஊருக்குத் தெரியும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் விதி இருக்கும் வரை, பணம் மாற்றிச் செலவானால் அடுத்த தவணை சிக்கலாகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

கணக்கைச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மத்திய நிதிக்குழுப் பணத்துக்கு egramswaraj.gov.in தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் தெரியும். அதில் வரும் தொகையை வேலைப் பலகையில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுவிட்டு உடனே சண்டைக்கு வர வேண்டாம். எம்-புக்கில் அளந்து எழுதிய அளவு என்ன, பில் தொகை என்ன, பிடித்தம் என்ன என்று இந்த மூன்றையும் கேளுங்கள். பில் தொகை மதிப்பீட்டோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனால்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன். மண்ணைத் தோண்டிச் செய்யும் வேலையில் போட்ட கணக்கும் அளந்த கணக்கும் அப்படியே ஒத்துவருவது அபூர்வம். அப்படி ஒத்துவந்தால், டேப் பிடிக்காமல் மதிப்பீட்டைப் பார்த்து எழுதினார்களோ என்று கேட்பதில் தப்பே இல்லை.

பிடித்தத்திலும் ஒரு விஷயம் கவனியுங்கள். பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டாமல் ஊராட்சிக் கணக்கிலேயே விட்டுவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பில்லில் பிடித்தம் இருக்கும், கட்டிய ரசீது இருக்காது. கையிருப்பு கூடுதலாகத் தெரியும், ஆனால் அது நம் பணம் அல்ல. எனவே பேச்சுக்கு முன்னால் நான் செயலரிடம் முதலில் வாங்கிப் பார்த்தது அந்த ரசீதுகளைத்தான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் மூன்று இளவட்டங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். 397 மீட்டர் என்று நான் சொன்னதை அளந்து பார்க்க வேண்டுமாம். தடைக்காலம், அவர்களுக்கும் வேலை இல்லை. டேப் கொண்டுவரவில்லை, வலைக்கயிறு கொண்டுவந்திருந்தார்கள். கடலில் ஆழம் பார்க்கிற மாதிரி பாகக் கணக்கில் அளப்பதாகச் சொன்னார்கள். தொட்டியடி வால்விலிருந்து வடக்குத் தெருக் கடைசியில் குழாய் மூடியிருக்கிற இடம் வரைக்கும் ஒருவன் கயிற்றைப் பிடிக்க, ஒருவன் கையை விரித்துப் பாகம் எண்ண, மூன்றாமவன் சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். நானும் செருப்பு இல்லாமல் மணலில் கூடவே நடந்தேன். 218 பாகம் வந்தது. ஆறடிக்குப் பாகம் என்று வைத்துக் கைபேசியில் பெருக்கிப் பார்த்தான், 398 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கயிறு கொஞ்சம் தொய்ந்திருக்கும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “பேவர் பிளாக் வேலைக்கு அளக்கும்போது எங்களையும் கூப்பிடுங்கக்கா” என்றான் எண்ணியவன். ஜூலையில் ஓவர்சியர் வந்தபோது கூப்பிட்டேன். அளவு எழுதிய பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.